பணியாளர் விலகும்போது கோப்புகள் யாருடையவை?

ரொக்கக் கடன் பெற்றுள்ள நிறுவனம் மாதந்தோறும் நம் வங்கிக்குச் சரக்கு இருப்பு அறிக்கை அளிக்கிறது. அவ்வறிக்கை இன்று பெரும்பாலும் பலர் சேர்ந்து நிரப்பும் இணைய விரிதாளில் உருவாகிறது. அந்த விரிதாளின் உரிமையாளர் யார் என்பதை, அதைத் தொடங்கிய கணக்கர் விலகிய பிறகே பலர் எண்ணிப் பார்க்கின்றனர்.

நிறுவனங்களுக்கான கூகுள் சேவையை எடுத்துக்கொள்வோம். முதலாளியின் கோப்புறைக்குள் இருப்பதனால் ஒரு கோப்பு முதலாளிக்கு உரியதாகிவிடாது. அதை உருவாக்கியவரே உரிமையாளர். பகிர்வு என்பது பார்க்கவும் திருத்தவும் தரப்பட்ட அனுமதி மட்டுமே. கணக்கர் மார்ச் 31 அன்று விலகுகிறார் என்றும், சந்தாச் செலவைக் குறைக்க அன்றே அவர் கணக்கு நீக்கப்படுகிறது என்றும் கொள்வோம். நீக்கும்போது கோப்புகளை வேறொருவருக்கு மாற்றலாமா என்று திரை கேட்கும். அதைக் கவனியாது கடந்துவிட்டால் விரிதாள் எவருக்கும் திறவாது. ஏப்ரல் 10 அன்று அறிக்கை தயாரிக்க முற்படுவோர் அதை உணர்ந்தால் இழப்பில்லை. நீக்கிய 20 நாட்களுக்குள் நிர்வாகி அக்கணக்கை மீட்டு, கோப்புகளின் உரிமையை மாற்றிவிட இயலும். ஏப்ரல் 25 அன்று உணர்ந்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

அவ்வாறாயின் அனைத்தையும் அடுத்த கணக்கருக்கே மாற்றிவிடலாமே எனத் தோன்றும். நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை. நிர்வாகி செய்யும் மொத்த மாற்றத்தில், எவருடனும் பகிரப்படாத சம்பளப் பட்டியலும் சொந்தக் குறிப்புகளும்கூடப் புதியவர் கைக்குப் போய்விடும். விலகுபவர் பணியில் இருக்கும்போதே அவருடன் அமர்ந்து பிரிப்பதே முறை. தொடர்ந்து பயன்படும் கோப்புகளை, சந்தாவில் அவ்வசதி இருந்தால், நிறுவனத்திற்கே உரிய பகிர்ந்த டிரைவுக்கு நகர்த்தச் செய்யுங்கள். அங்குள்ளவை எவர் விலகினாலும் நிற்கும். சம்பள விவரங்களை அவற்றைக் காணத் தகுதியுடைய ஒருவருக்கு மாற்றச் செய்யுங்கள். சொந்தக் கோப்புகளை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

எவை அவர் பெயரில் உள்ளன என்றறிய, டிரைவின் தேடுபெட்டியில் `owner:` என்று தட்டி, இடைவெளியின்றி அவர் மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்கவும். உங்களுடன் பகிரப்பட்டவை மட்டுமே அப்பட்டியலில் வரும். எஞ்சியவற்றை அவரே காட்ட வேண்டும். பிரித்து முடியவில்லையெனில் கணக்கை நீக்காது இடைநிறுத்தி வையுங்கள். அவரால் உள்நுழைய முடியாது, பகிர்ந்த கோப்புகள் திறக்கும். சந்தா மட்டும் தொடரும். சில நூறு ரூபாய்க்காக அவசரப்பட வேண்டியதில்லை.

சிறு நிறுவனங்கள் பலவற்றில் பணியாளரின் சொந்த ஜிமெயில் முகவரியிலேயே கோப்புகள் தொடங்கப்படுகின்றன. அங்கே நிறுவனத்திற்கு நிர்வாகி எனும் அதிகாரமே இல்லை. உரிமையை அவர் மற்றொரு ஜிமெயில் முகவரிக்கு மாற்றக் கோரி, அதனைப் பெறுபவரும் ஏற்க வேண்டும். அதற்கு அவர் இசையாவிடில், பார்க்கும் அனுமதி உள்ளபோதே நகல் எடுத்துக்கொள்ளலாம். நகலில் பழைய திருத்தங்களின் வரலாறு வராது. பிற விரிதாள்களில் உள்ள இணைப்புகளும் பழைய கோப்பையே சுட்டும். ஆகையால் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.