மாற்றுச்சீட்டு மறுக்கப்படுதலும் புதுப்பித்தலும்

முதிர்வு நாளில் ஏற்பாளர் பணம் செலுத்தத் தவறினால், மாற்றுச்சீட்டு மறுக்கப்பட்டதாகும். அப்போது எழுதுநரின் ஏட்டில் ஏற்பாளரின் கணக்கே பற்று வைக்கப்படும். எக்கணக்கை வரவு வைப்பது என்பதை, சீட்டு அன்று யாரிடம் இருந்தது என்பதைக் கொண்டு அறியலாம்.

எடுத்துக்காட்டு

குமரன் 2024 மார்ச் 1 அன்று கண்ணன் மீது ரூ.20,000க்கு மூன்று மாத மாற்றுச்சீட்டு எழுதினார். கண்ணன் அதனை ஏற்றார். குமரன் மார்ச் 4 அன்று அதனை ஆண்டுக்கு 12% வீதத்தில் வங்கியில் வட்டம் செய்தார். முதிர்வு நாளில் சீட்டு மறுக்கப்பட்டது. வங்கி சான்றுறுதிச் செலவாக ரூ.100 செலுத்தியது. கண்ணன் அன்றே ரூ.8,100 ரொக்கம் தந்து, மீதித் தொகைக்கு 15% வட்டியுடன் இரண்டு மாதப் புதிய சீட்டை ஏற்றார். குமரனின் குறிப்பேட்டுப் பதிவுகளைத் தருக.

தீர்வு

மூன்று சலுகை நாட்களைச் சேர்த்தால் முதிர்வு நாள் ஜூன் 4 ஆகும். எனவே வட்டம் மூன்று மாதங்களுக்குரியது:

20,000 × 12/100 × 3/12 = ரூ.600

மார்ச் 1
பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு ப 20,000
  கண்ணன் க/கு 20,000

மார்ச் 4
வங்கி க/கு ப 19,400
வட்டம் க/கு ப 600
  பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு 20,000

ஜூன் 4 (மறுக்கப்பட்டது)
கண்ணன் க/கு ப 20,100
  வங்கி க/கு 20,100

இங்கு ரூ.19,400ஐப் பற்று வைப்பது பிழை. கண்ணன் தரவேண்டியது சீட்டின் முழுத் தொகையும் சான்றுறுதிச் செலவும் ஆகும். வட்டம் ரூ.600 குமரனின் செலவாகவே நிற்கும்.

புதுப்பிக்கும்போது மீதி 20,100 – 8,100 = ரூ.12,000. அதற்கு இரண்டு மாத வட்டி ரூ.300.

ஜூன் 4 (வட்டி)
கண்ணன் க/கு ப 300
  வட்டி க/கு 300

ஜூன் 4 (புதுப்பித்தல்)
ரொக்கம் க/கு ப 8,100
பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு ப 12,300
  கண்ணன் க/கு 20,400

கண்ணன் கணக்கில் மறுப்பிற்குப் பின் பற்று 20,100 + 300, வரவு 20,400. மீதியின்றிக் கணக்கு முடிவதால் பதிவுகள் சரியெனத் தெளியலாம்.

சீட்டு வேறொருவரிடம் இருந்தால்

குமரன் வட்டம் செய்யாமல், தம் கடனீந்தோரான செல்வனுக்கு மேலெழுதித் தந்திருந்தால், மார்ச் 4 பதிவு பின்வருமாறு அமையும்:

செல்வன் க/கு ப 20,000
  பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு 20,000

மறுக்கப்பட்டபின் செல்வனே ரூ.100 செலுத்தியிருந்தால், குமரன் அவருக்கு மீண்டும் கடன்பட்டவராகிறார்:

கண்ணன் க/கு ப 20,100
  செல்வன் க/கு 20,100

சீட்டைக் குமரனே வைத்திருந்து செலவையும் தாமே செய்திருந்தால், பெறுதற்குரிய மாற்றுச்சீட்டு ரூ.20,000, ரொக்கம் ரூ.100 என இரு கணக்குகள் வரவு வைக்கப்படும்.

பயிற்சி வினா

மேற்கண்ட எடுத்துக்காட்டில் சீட்டு மறுக்கப்பட்டதற்கான பதிவைக் கண்ணனின் ஏட்டில் தருக.

விடை:
செலுத்தற்குரிய மாற்றுச்சீட்டு க/கு ப 20,000
சான்றுறுதிச் செலவு க/கு ப 100
  குமரன் க/கு 20,100