கூடலூர்க் கல்யாணத்துக்குச் சிங்களத்திலும் ஒரு பத்திரிகை

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய பல குடும்பங்கள் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. அண்ணன் சேரம்பாடிக்கு வந்தார், தம்பி அட்டனிலேயே இருந்துவிட்டார். இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் வரும்போது தமிழ், ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் பத்திரிகை வேண்டுமா என்ற பேச்சு எழுகிறது.

முதலில் யாருக்குச் சிங்களம் வேண்டும் என்று பாருங்கள். அட்டன், தலவாக்கலைப் பக்கம் இருக்கும் சொந்தங்கள் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுக்குச் சிங்களப் பத்திரிகை போனால், தாய்மொழியை மறந்துவிட்டதாக நம்மை நினைத்தார்களா என்று மனம் நோகலாம். மாத்தறை மாவட்டத்துத் தெனியாயப் பக்கத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைகள் பலர் சிங்களப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். சிங்களக் குடும்பத்தில் பெண் எடுத்த வீடுகளும் உண்டு. இப்படி வீடு வீடாக எழுதிப் பார்த்தால் பட்டியல் சிறியதாகவே இருக்கும்.

நானூறு பத்திரிகை அடிக்கும் கூடலூர்க் குடும்பம் ஒன்று, அதில் சிங்களம் வேண்டியவை பத்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மொழியையும் ஒரே அட்டையில் போட்டால் நானூறு அட்டையிலும் எழுத்து சிறுத்துவிடும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று நீளும் பெயர்வரிசையைக் குறைக்கவும் முடியாது. ஒரு பெயர் விட்டாலும் மண்டபத்தில் கேள்வி வரும். மொழிக்கொரு பத்திரிகை அடித்தால் மூன்றையும் தனித்தனியே திருத்த வேண்டும். கடைசி நேரத்தில் மண்டபமோ முகூர்த்தமோ மாறினால் ஒன்றில் மட்டும் பழையது தங்கிவிடும். அதனால் நான் சொல்வது, எல்லோருக்கும் தமிழ் - ஆங்கில அட்டை, அந்தப் பத்து வீட்டுக்கு மட்டும் உள்ளே சிங்களத்தில் ஒரு தனித்தாள். மாப்பிள்ளை வீடோ பெண் வீடோ சிங்களம் பேசும் வீடாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. சம்பந்தி வீட்டு மொழியைத் தனித்தாளுக்குத் தள்ளக் கூடாது. அப்போது அட்டையைப் பெரிதாக்கி மூன்றையும் சமமாகப் போடுங்கள்.

ஆங்கிலப் பகுதியை அலங்காரத்துக்கு விடாதீர்கள். இந்திய விசா விண்ணப்பத்தில் இங்கே அறிந்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்பார்கள். அழைப்பவரின் பெயரும் மண்டபத்தின் முழு முகவரியும் ஆங்கிலப் பகுதியில் தெளிவாக இருக்கட்டும். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் முகூர்த்த நேரத்தில் குழப்பமில்லை. திருச்சியில் இறங்கி வாடகைக் கார் பிடித்து வருபவர்களுக்கு, நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். 2024 மே முதல் இருக்கும் ஏற்பாடு இது.

சிங்களத் தாளில் அதிகம் கெடுவது பெயர்கள். தமிழில் ஒரே ‘க’ கணேசனுக்கும் கண்ணனுக்கும் வரும். சிங்களத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனி எழுத்து உண்டு. த, ப எழுத்துகளுக்கும் இதே நிலைதான். தமிழ்ப் பிரதியை மட்டும் பார்த்து எழுதுபவர் ‘க’வை ஊகிக்க வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தில் அந்த வேறுபாடு தெரியும், ஆனால் குறிலா நெடிலா என்பது தெரியாது. அதனால் இரண்டு எழுத்திலும் பெயர்வரிசையைக் கொடுத்து, குரல் பதிவாகவும் அனுப்பிவிடுங்கள். பெயரைக் காதால் கேட்டு எழுதினால்தான் சரியாக வரும்.

அடுத்த சிக்கல் அச்சகத்தில். பழைய மென்பொருளில் சிங்கள யூனிகோடை ஒட்டினால் எழுத்து சிதறும். சிங்களம் தெரியாமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். சிங்களத்திலும் நம் ‘கெ’ போல எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு உண்டு. அது பின்னால் போயிருந்தாலும், புள்ளிகளால் ஆன வட்டமோ வெற்றுக் கட்டமோ தெரிந்தாலும் அந்தப் பிரதி தவறு. ‘ஸ்ரீ’ சேர்ந்திருக்காமல் இரண்டு எழுத்தாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தெனியாயச் சொந்தக்காரரையே தட்டச்சு செய்து பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்வது நல்லது. அதில் எழுத்துரு பதிந்திருக்கும். அச்சகத்தார் அதை மறுபடி தட்டச்சு செய்யாமல் படமாகவே வைத்து அச்சிடட்டும்.

அச்சான முதல் தாளைப் படமெடுத்து அந்தச் சொந்தக்காரருக்கே திருப்பி அனுப்புங்கள். சரி என்று மட்டும் பதில் வாங்கினால் போதாது. தேதி, நேரம், ஒவ்வொரு பெயர் எல்லாவற்றையும் அவர் போனில் உரக்கப் படிக்க, நீங்கள் தமிழ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள்.