மீந்த மாத்திரைகளும் செவிலியரின் கடமையும்

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. இன்று பெரியவர்களுள் பெரும்பாலோர்க்கு, மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை நாளுக்கு ஒருமுறை போதுமானது. இம்மருந்துகள் வைரசை உடலிலிருந்து முற்றிலும் நீக்குவதில்லை. அது பெருகாமல் தடுக்கின்றன. மாத்திரை அடிக்கடி தவறினால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். அந்நிலையில் பெருகும் வைரசுகளுள் மருந்துக்குக் கட்டுப்படாதவை தோன்றக்கூடும். ஆதலால் 95 விழுக்காட்டிற்குக் குறையாமல் மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும் என்பது இலக்காகும்.

இதனைக் கணக்கிட, நோயாளர் ஒவ்வொரு வருகையிலும் மருந்துப் புட்டியை உடன்கொண்டுவர வேண்டும். ஒரு பெண்ணுக்கு 30 மாத்திரைகள் கொடுக்கப்பட்டன எனக் கொள்வோம். 28 நாள்கள் கழித்து வரும்போது புட்டியில் 2 மாத்திரைகளே மீந்திருக்க வேண்டும். ஆனால் 6 இருந்தன. அவர் உட்கொண்டவை 24. உட்கொள்ள வேண்டியவை 28. எனவே கடைப்பிடிப்பு ஏறத்தாழ 86 விழுக்காடு.

இக்கணக்கு, எத்தனை தவறின என்பதையே கூறும். ஏன் தவறின என்பதைக் கூறாது. கடிந்து கேட்டால், அடுத்தமுறை மீந்த மாத்திரைகளை எறிந்துவிட்டு வெறும் புட்டியுடன் வருவோரும் உண்டு. அத்தகைய பொய்க்கணக்கை வைரஸ் அளவுப் பரிசோதனை பின்னர் வெளிப்படுத்திவிடும். “மாத்திரை விட்டுப்போவது பலருக்கும் நேர்வதுதான்; எந்த நாள்களில் சிரமமாக இருந்தது?” எனத் தனியறையில் செவிலியர் வினவியபோது, அப்பெண் காரணத்தைக் கூறினார். ஊர்த்திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கிய நான்கு நாள்களும் புட்டியை வெளியே எடுக்க அவர் அஞ்சியிருந்தார். மறதியன்று, பிறர் ஒதுக்கிவிடுவர் என்னும் அச்சமே தடையாயிற்று.

இம்மாத்திரையை உணவுக்கு முன்போ பின்போ உட்கொள்ளலாம். ஆகவே, இரவு வேளையை மாற்றி, பிறர் விழிக்குமுன் விடியற்காலையில் உட்கொள்ள இருவரும் முடிவுசெய்தனர். தவறிய மாத்திரையை நினைவு வந்தவுடன் அன்றே உட்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து உட்கொள்ளலாகாது என்பதும் விளக்கப்பட்டது.

இத்தகைய அச்சத்தை மருத்துவமனையே வளர்ப்பதும் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கக் கையுறை தேவையில்லை. எச்.ஐ.வி. நோயாளர்க்கு மட்டும் அதனை அணிந்தால், அக்கம்பக்கப் படுக்கையினர்க்குச் செய்தி எட்டிவிடும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் நோயாளரின் நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. கட்டிலில் குறியிடுவதும் வெளியிடுதலே ஆகும். பொதுப் பாதுகாப்பு நடைமுறைகள் எல்லா நோயாளர்க்கும் ஒன்றே: இரத்தமோ உடல் திரவமோ படக்கூடிய பணியில் கையுறை, பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடாமை, அதனைத் துளைபடாத கலனில் இடுதல்.

ஊசி குத்திவிட்டால் அவ்விடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவ அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். தடுப்பு மருந்து தேவையென அவர் முடிவுசெய்தால், இயன்றவரை 2 மணி நேரத்திற்குள், மிகப் பிந்தினால் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும்.