பாடம் 7: தையலரின் ஆணைப் பேரேடு

தில்லியில் ஒரு குடியிருப்புப் பகுதியின் கடைத்தெருவில் சிறிய தையற்கடை ஒன்று உள்ளது. உரிமையாளரும் இரு தையற்காரர்களும் அங்குப் பணி செய்கின்றனர். 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் நாள் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர், அக்டோபர் 24 அன்று காலை, உரிமையாளர் தம் ஆணைப் பேரேட்டைத் திறந்தார். முடிக்கப்படாத ஆடைகளுள் மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

| எண் | ஆடை | ஒப்படைக்கும் நாள் | இன்றைய நிலை |
|---|---|---|---|
| 112 | கோட்டு | அக்டோபர் 29 காலை | துணி வெட்டியாயிற்று |
| 118 | இரவிக்கை | அக்டோபர் 27 காலை | அணிந்து பார்த்தாயிற்று. தோளில் அரை அங்குலம் குறைக்க வேண்டும் |
| 121 | பருத்திக் குர்தா | அக்டோபர் 28 காலை | அளவு எடுத்தாயிற்று |

இவற்றுள் எதை முதலில் கையில் எடுப்பது? ஒப்படைக்கும் நாளை மட்டும் நோக்கினால் இரவிக்கை முதலிலும், குர்தா அடுத்தும், கோட்டு இறுதியிலும் வரும். ஆனால் உரிமையாளர் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வோர் ஆடைக்கும் எஞ்சியுள்ள வேலையை நாள்களாகக் கணக்கிட்டு, ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்.

இரவிக்கைக்கு அரை நாள் வேலையே உள்ளது. எனவே அதை 26ஆம் நாள் எடுத்தாலும் போதும். குர்தாவுக்கு மூன்று நாள் வேண்டும். பருத்தித் துணி முதல் முறை நனையும்போது சுருங்கும். ஆகையால் வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்த ஒரு நாள் ஆகும். வெட்டித் தைக்க ஒரு நாளும், காஜா எடுத்துப் பொத்தான் வைத்து இஸ்திரி போட ஒரு நாளும் ஆகும். எனவே அதை 25ஆம் நாள் தொடங்க வேண்டும்.

கோட்டுக்கு ஐந்து நாள் வேண்டும். முதலில் அதன் பகுதிகளை ஓட்டுத் தையலால் இணைக்க இரண்டு நாள். அணிந்து பார்க்க ஒரு நாள். முழுத் தையலுக்கு ஒரு நாள். காஜா, பொத்தான், இஸ்திரிக்கு ஒரு நாள். ஆகவே அதை இன்றே தொடங்கியாக வேண்டும். இறுதியில் இருந்த கோட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. முதலில் இருந்த இரவிக்கை இறுதிக்குச் சென்றுவிட்டது.

அணிந்து பார்ப்பதை விட்டுவிட்டால் ஒரு நாள் மிஞ்சும் அன்றோ? மிஞ்சும், ஆனால் அது ஆபத்தானது. ஓட்டுத் தையலை எளிதில் பிரிக்கலாம்; ஓரத்தில் விட்டுவைத்த துணியைக் கொண்டு இறுக்கமான இடத்தைத் தளர்த்தலாம். முழுத் தையல் போட்டு ஓரத்துணியை நறுக்கியபின் ஆடையைச் சிறிதாக்க இயலுமே தவிர, பெரிதாக்க இயலாது.

இந்தக் கோட்டுக்கு உரியவர் ஓர் இளைஞர். அது அவருடைய தலைத்தீபாவளி. 29ஆம் நாள் இரவு அவர் தில்லியில் தொடர்வண்டி ஏறினால்தான், ஏறக்குறைய 33 மணி நேரப் பயணத்திற்குப் பின், 31ஆம் நாள் காலை சென்னையில் மாமனார் வீட்டை அடைய முடியும். எனவே இந்த ஆணைக்குக் கெடு தீபாவளியன்று. வண்டி புறப்படும் நேரமே கெடு.

மற்ற வேலைகள் கடையின் கையில் உள்ளன. அணிந்து பார்ப்பது மட்டும் வாடிக்கையாளர் கையில் உள்ளது. ஆதலால் உரிமையாளர் அதற்குத் தனி நாளைக் குறித்து, எதிரே ஒரு கட்டத்தை வெறுமையாக விடுவார். வாடிக்கையாளர் வந்து சென்றதும் அதில் குறியிடுவார். 26ஆம் நாள் மாலை வரை 112ஆம் எண்ணின் கட்டம் வெறுமையாகவே இருந்தது. உரிமையாளர் உடனே தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, அலுவலகத்தில் வேலை மிகுதி. 28ஆம் நாள் வரலாமா?” என்றார் இளைஞர்.

“தம்பி, நாளைக்கே வந்துவிடுங்கள். 28 அன்று வந்தால் 29இல் முழுத் தையல், 30இல் பொத்தான். உங்கள் வண்டி போயிருக்கும்” என்றார் உரிமையாளர்.

இளைஞர் 27ஆம் நாள் காலையிலேயே வந்தார். அக்குளில் இறுக்கமாக இருந்தது. ஓரத்துணியிலிருந்து கால் அங்குலம் விட்டுச் சரிசெய்தனர். 28இல் முழுத் தையல் முடிந்தது. 29ஆம் நாள் காலை கிடைக்க வேண்டிய கோட்டு, அன்று மாலை கிடைத்தது. இளைஞர் அதைக் கையில் ஏந்தியபடியே இரயில் நிலையம் சென்றார்.

சொற்பொருள்
ஆணைப் பேரேடு – வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்தவற்றைப் பதியும் ஏடு
ஓட்டுத் தையல் – பிரிக்கத்தக்கவாறு நீளமாகப் போடும் தற்காலிகத் தையல்
காஜா – பொத்தான் துளை
கெடு – குறித்த இறுதிக் காலம்

பயிற்சி
1. குர்தாத் துணியை வெட்டுவதற்கு முன் நனைப்பது ஏன்?
2. முழுத் தையலுக்குப் பின் கோட்டைப் பெரிதாக்க இயலாதது ஏன்?
3. 124ஆம் எண் சுடிதாரை அக்டோபர் 30 காலை ஒப்படைக்க வேண்டும். துணி வெட்டியாயிற்று. தைத்தல், அணிந்து பார்த்தல், திருத்தம், இஸ்திரி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நாள் ஆகும். எந்த நாளில் தொடங்க வேண்டும்? அணிந்து பார்க்கும் நாள் எது?
4. அந்த வாடிக்கையாளர் உரிய நாளில் வரவில்லை எனக் கொண்டு, உரிமையாளர் அவருடன் பேசும் தொலைபேசி உரையாடலை ஐந்து தொடர்களில் எழுதுக.