முதலில் ஆறு பேரிடம் பேச்சு, பிறகு விளம்பரம்

கேள்வி: சிறு தொழில் நடத்துபவர் விளம்பர வாசகம் எழுதுமுன், சில பேரிடம் பேசியே வாடிக்கையாளர் சித்திரம் ஒன்றை உருவாக்க முடியுமா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: வாடிக்கையாளர் சித்திரம் என்பது, பொருளை வாங்கும் ஒருவகை மனிதரைப் பற்றி அரைப் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்பு. விளம்பரத் துறையில் இதை பெர்சோனா என்கிறார்கள். மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 1983இல் திட்ட மேலாண்மைக்கான மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கியபோது, அதைப் பயன்படுத்தக்கூடிய ஏழெட்டுப் பேரிடம் பேசினார். அவர்களில் ஒரு பெண்ணின் அன்றாட வேலையை மனத்தில் நிறுத்தி, அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து, எந்த வசதி தேவை, எது வேண்டாம் என்று முடிவு செய்தார். 1990களின் இறுதியில் வந்த அவருடைய நூல் இந்த முறையைப் பரவலாக்கியது. ஆக, இந்த முறை பிறந்ததே சில உரையாடல்களில்தான். வயது, வருமானம், பொழுதுபோக்கு என்று கட்டம் கட்டி நிரப்பும் படிவங்களை வைத்து இதை எடைபோடக் கூடாது. அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவை ஒரு வரி விளம்பரம் எழுதக்கூட உதவுவதில்லை.

திருப்பூர் பக்கம் வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து விற்கும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். “21 வகை தானியங்கள், புரதச்சத்து நிறைந்தது” என்று ஒரு வாசகம் ஏற்கெனவே அவர் மனத்தில் இருக்கிறது. அதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஆறு பேரிடம் பேசினால் போதும். யார் அந்த ஆறு பேர் என்பதுதான் முக்கியம். திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் நான்கு பேர், ஒரு தடவை வாங்கி நிறுத்தியவர் ஒருவர், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர் ஒருவர். உறவினரும் நெருங்கிய தோழிகளும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்கள் மாவுக்காக வாங்குவதில்லை, முகத்துக்காக வாங்குகிறார்கள்.

ஒவ்வொருவரிடமும் இருபது நிமிடம், போனிலோ நேரிலோ பேசலாம். கருத்து கேட்பது பயன் தராது. “எப்படிங்க இருக்குது?” என்று கேட்டால், “நல்லாத்தானுங்க இருக்குது” என்றுதான் பதில் வரும், விற்றவர் மனம் நோகும்படி யாரும் சொல்ல மாட்டார்கள். “இன்னும் சின்ன பாக்கெட்டா போட்டா வாங்குவீங்களா?” என்பதற்கும் அதே மரியாதைதான் விடையாக வரும். நடந்ததைக் கேட்க வேண்டும். “அக்கா, முதல்ல வாங்கினீங்களே, அன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சு?” “அதுக்கு முன்னாடி குழந்தைக்கு என்ன குடுத்துட்டு இருந்தீங்க?” “வாங்கறதுக்கு முன்னாடி யாராச்சும் வேண்டாம்னு சொன்னாங்களா?” “கடைசியா எப்பக் கரைச்சீங்க?” இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லத் தயங்குகிறவர் வீட்டில் பாக்கெட் பாதியோடு அலமாரியில் இருக்க வாய்ப்பு உண்டு, அங்கேதான் நின்று மேலும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லி முடித்ததும் நாம் சில நொடி பேசாமல் இருந்தால், அடுத்த வாக்கியம் அவர்களிடமிருந்தே வரும். பெரும்பாலும் உண்மையான காரணம் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கும்.

அனுமதி கேட்டுப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் அன்றே எழுதிவிட வேண்டும். பேசியவரின் சொல்லை அப்படியே எழுதுவது அவசியம். “வறுக்காம அரைச்சிருப்பாங்களோன்னு ஒரு பயம்” என்று ஒருவர் சொன்னதை “தரம் குறித்த ஐயம்” என்று மாற்றி எழுதிவிட்டால், விளம்பரத்துக்கு வேண்டிய சொல் அந்த நிமிடமே தொலைந்துவிடும்.

ஆறு உரையாடல்களும் முடிந்தபின், ஒவ்வொரு கூற்றையும் தனித் துண்டுச் சீட்டில் எழுதி, ஓரத்தில் பேசியவருக்கு ஓர் எண் போட்டு, ஒரே நிலைமையைச் சொல்பவற்றை ஒன்றாக அடுக்கலாம். வயதை வைத்துப் பிரிக்க வேண்டியதில்லை. மூன்று பேராவது சொன்னது சித்திரத்துக்குள் போகும். ஓரிருவர் மட்டும் சொன்னது கேள்விக்குறியோடு தனியே இருக்கட்டும்; வாங்குவதை நிறுத்தியவரும் வாங்காமல் போனவரும் சொன்ன தடைகளை மட்டும் அப்படி ஒதுக்க வேண்டாம்.

சத்துமாவு விற்பவரின் சீட்டுகளில் இப்படி ஒரு கதை தெரியலாம். நான்கு பேர் முதன்முறை வாங்கியது, குழந்தை எல்கேஜி சேர்ந்த சமயத்தில். ஏழரைக்கு வேன் வரும். இட்லி ஊட்டி முடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிடும். மூன்று பேருக்கு ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ அரைத்து அனுப்பிய மாவு முன்பு வந்துகொண்டிருந்தது. வெயிலில் காயவைத்து, வறுத்து, மில்லுக்குத் தூக்கிப்போக அந்தப் பெரியவர்களால் இப்போது முடியவில்லை. வாங்குவதை நிறுத்தியவர் சொன்னது: கட்டி தட்டியது, குழந்தை துப்பிவிட்டது. வாங்காமல் போனவர் கேட்டது: எப்போது அரைத்தது, வண்டு வைக்காதா? தானியம் எத்தனை வகை என்று யாருமே எண்ணவில்லை. ஒருவர் மட்டும், இத்தனை சேர்த்தால் எது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கவலைப்பட்டார்.

இதிலிருந்து பிறக்கும் சித்திரத்துக்கு “வேன் வருவதற்குள் ஊட்டும் அம்மா” என்று பெயர் வைக்கலாம். நிலைமையையே பெயராக வைத்தால், எழுதும்போது எந்தக் காலை நேரத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பது மறக்காது. கீழே ஐந்தாறு வரிகள் போதும்: எந்தச் சமயத்தில் தேடுகிறார், அதற்கு முன் என்ன கொடுத்தார், எதனோடு ஒப்பிடுகிறார், எது தடுக்கிறது, வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, அவர் வாயில் வந்த சொற்கள். இங்கே கிடைத்த பெரிய விஷயம் ஒப்பீடுதான். கடையில் இருக்கும் பாட்டில் பானங்களோடு போட்டி என்று விற்பவர் நினைத்திருந்தார். வாங்குகிறவர் மனத்திலோ ஊரிலிருந்து வந்த மாவு இருக்கிறது. அதனால் புரதக் கணக்கைவிட, யார் வறுத்தார்கள், எப்போது அரைத்தார்கள் என்பது எடை கூடியது.

வாசகம் இப்போது மாறுகிறது: “இந்த வாரம் வறுத்து அரைத்தது. அரைத்த தேதி பாக்கெட்டின் மேலேயே இருக்கிறது. ஆறின தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள், கட்டி தட்டாது. வேன் வருவதற்குள் குடித்து முடித்துவிடலாம்.” இதில் ஒவ்வொரு வரியும் ஒரு சீட்டிலிருந்து வந்தது. தேதி போடும் வழக்கம் இல்லையென்றால், வாசகத்துக்கு முன் அந்த வழக்கம் வர வேண்டும்.

கேள்வி: ஆறு பேர் சொன்னதை எந்த அளவுக்கு நம்பலாம்? சித்திரம் தவறு என்றால் எப்படித் தெரியும்?

பதில்: ஆறு உரையாடல்கள் காரணங்களைக் காட்டும், விகிதங்களைக் காட்டாது. ஆறில் நான்கு பேர் சொன்னார்கள் என்பதால் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு அம்மாக்கள் அப்படித்தான் என்று முடிவு கட்ட முடியாது. எத்தனை பாக்கெட் விற்கும், விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் இதில் விடை இல்லை.

முதல் சோதனை எளிது. சித்திரத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், அதைச் சொன்னவரின் எண்ணைப் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எண் இல்லாத வரி எழுதியவரின் கற்பனை, அதை அடித்துவிடலாம். ஆறாவது உரையாடலிலும் புதுப்புதுக் காரணங்கள் வந்துகொண்டே இருந்தால் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் பேச வேண்டும்.

இன்னொரு கோளாறு, இரண்டு மனிதரை ஒன்றாகக் குழைப்பது. சர்க்கரை நோய்க்காகத் தனக்கே மாவு தேடும் பெரியவர் ஒருவர் ஆறு பேரில் இருந்தால், அவரை அந்த அம்மாவோடு சேர்த்து ஒரு சராசரி ஆளை உருவாக்கக் கூடாது; அப்படி ஒருவர் எந்த வீட்டிலும் இல்லை. அவரைப் போன்றவர்கள் மேலும் இருந்தால் தனிச் சித்திரம், தனி விளம்பரம்.

வாசகம் எழுதியபின், முன்பு பேசாத இரண்டு அம்மாக்களிடம் அதைக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று அவர்கள் சொல்லில் கேட்கலாம். “பிடிச்சிருக்கா?” என்று கேட்க வேண்டாம். படித்தபின்னும் “எப்ப அரைச்சது?” என்று கேட்டால், அந்த வரி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. “எத்தனை நாள் வச்சுக்கலாம்?” என்று கேட்டால், சித்திரத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

கோடை விடுமுறையில் வேன் வராது. அப்போது இந்த வாசகம் யாரையும் தொடாது. ஏப்ரல் கடைசியில் இரண்டு மூன்று பேரிடம் மறுபடி பேசி விடுமுறைக்கு வேறு வரி எழுதிக்கொண்டு, ஜூனில் பள்ளி திறக்குமுன் பழையதைத் திரும்ப வெளியிடலாம்.