ஐப்பசி மழைக்கு நாலு வரி: மழலை வகுப்புக்கான கைகழுவும் பாட்டு

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். இந்த மூன்று மாதமும் மழலை வகுப்பு வாசலில் சேறு இருக்கும், குழந்தைகளின் நகக்கண்ணில் மண் இருக்கும். வயிற்றுப்போக்கும், கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயும் ஒரு குழந்தைக்கு வந்தால் அடுத்த வாரமே பக்கத்துக் குழந்தைக்கும் வந்து நிற்கும். எல்.கே.ஜி. ஆசிரியைகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்றே தொடங்கக்கூடிய ஒரு பாட்டு இது.

தோசை மாவைச் சுழட்டி ஊத்து
ஆமை முதுகில் குட்டி ஏத்து
கட்டை விரலைப் பிடிச்சுச் சுத்து
கோழி போலக் கிளறிக் கொத்து

ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பாட வேண்டும். நீட்டாமல் பாடினால் ஒரு வரிக்கு இரண்டரை விநாடி ஆகும். நான்கு வரியும் இரண்டு முறை வந்தால் 20 விநாடி. சோப்பு போட்டுக் கையைத் தேய்க்க வேண்டிய நேரமும் அதுதான். இரண்டு முறை பாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முதல் முறை வலது கைக்கு, இரண்டாம் முறை இடது கைக்கு. ஒரே முறை பாடினால், பெரும்பாலான குழந்தைகள் ஒரு கையின் கட்டை விரலை மட்டும் தேய்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

இனி அபிநயம். முதல் வரியில் உள்ளங்கையும் உள்ளங்கையும் ஒட்டியிருக்க, கல்லில் கரண்டி சுற்றுவதுபோல வட்டமாகத் தேய்ப்பது. நுரை இங்கேதான் வர வேண்டும். வரவில்லை என்றால் சோப்பு போதவில்லை, திரும்பப் போடுங்கள். இரண்டாம் வரியில் ஒரு கை குப்புறப் படுத்த ஆமை. மற்ற கை அதன் முதுகில் ஏறும் குட்டி. குட்டியின் கால்கள், அதாவது விரல்கள், ஆமையின் விரல் இடுக்குகளில் இறங்கி முன்னும் பின்னும் நகர வேண்டும். மூன்றாம் வரியில் கட்டை விரலை மற்ற கையின் முஷ்டிக்குள் அடக்கிச் சுற்றுவது. குழந்தைகள் விரல் நுனியை மட்டும் பிடிப்பார்கள். அடிவரை பிடிக்கச் சொல்லுங்கள். நாலாம் வரியில் ஐந்து விரல் நுனியையும் குவித்து உள்ளங்கையில் கிளறுவது. சிலர் உற்சாகத்தில் கிளறாமல் கொத்த மட்டும் செய்வார்கள். நகத்துக்குள் நுரை போக வேண்டுமானால் கிளறத்தான் வேண்டும்.

முதல் முறை நான் எழுதிய பாட்டு இப்படி இல்லை. "அழுக்கே போ போ" என்று ஒரு வரி வைத்திருந்தேன். அந்த வரி வந்ததும் இருபது குழந்தைகளும் நுரைக் கையைத் தூக்கி டாட்டா காட்டினார்கள். நுரை எதிரிலிருந்த பிள்ளையின் கண்ணில் போய் விழுந்தது. பாட்டு முடிந்தபோது எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள், கைதான் கழுவப்படவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்: இந்த வகைப் பாட்டில் ஒவ்வொரு அபிநயமும் ஒரு தேய்ப்பாகவே இருக்க வேண்டும். சூரியன், பூ, கிருமி அரக்கன் என்று எதைச் சேர்த்தாலும் இரண்டு கையும் பிரிந்துபோகும். உங்கள் ஊருக்கேற்ப வரிகளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு கையும் பிரியக் கூடாது. சுகாதாரப் பயிற்சிகளில் கைகழுவும் படிகளை நினைவில் வைக்க "சுமன்-கே" என்று சொல்லித் தருகிறார்கள். அதன் எழுத்துகள் இந்திச் சொற்களின் முதலெழுத்துகள். பெரியவர்களுக்கு உதவும், நாலு வயதுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த தொல்லை வரிசை. 24 குழந்தைகள், ஒரே குழாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராகக் குழாயடியில் நின்று முழுப்பாட்டும் பாடினால் தலைக்கு 40 விநாடியாவது ஆகும், மொத்தம் 16 நிமிடம். சோறு ஆறிவிடும், பின்னால் நிற்பவர்கள் மண்ணில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் தேய்ப்பதைக் குழாயடியிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆறு ஆறு பேராக வரட்டும். ஆயா ஒரு கை தண்ணீர் ஊற்ற, கையை நனைத்துச் சோப்பு வாங்கிக்கொண்டு ஆறு பேரும் ஓரமாக வட்டமாக நிற்கட்டும். அங்கே பாட்டு நடக்கும்போது அடுத்த ஆறு பேர் கை நனைப்பார்கள். பாடி முடித்தவர்கள் திரும்பி வந்து அலசிக்கொள்வார்கள். ஒருவருக்கு அரை மக்கு தண்ணீர் போதும். 24 பேருக்கும் ஒரு பெரிய வாளியில் முடிந்துவிடும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: தண்ணீர் கையின் மேல் விழ வேண்டும், கை வாளிக்குள் போகக் கூடாது. ஒரு குழந்தை முக்கிவிட்டால் மீதி 23 பேரும் அந்தக் கை பட்ட தண்ணீரில்தான் அலசிக்கொள்கிறார்கள்.

முழுச் சோப்பு சின்னக் கையில் நிற்காது, நழுவிச் சேற்றில் விழும். ஒரு கட்டியை நாலாக நறுக்கி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயோரம் கட்டித் தொங்கவிடுங்கள். வலையோடு தேய்த்தால் நுரையும் சீக்கிரம் வரும், சோப்பும் ஊறிக் கரையாது. சானிடைசர் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: கை, கால், வாய்க் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அசைவதில்லை. மண்ணில் கிடக்கும் உருண்டைப் புழுவின் முட்டையும் அதற்குச் சாகாது. இவற்றைக் கொல்வதைவிடத் தேய்த்துத் தண்ணீரோடு ஓட்டிவிடுவதுதான் வழி. மண் படிந்த கையில் சானிடைசர் வேலையும் செய்யாது.

கழுவிய கையைப் பாவாடையிலோ டிரவுசரிலோ துடைத்தால் காலையிலிருந்து சேர்த்த சேறு திரும்பி வந்துவிடும். வகுப்புக்கு ஒரே துண்டு என்பது அதைவிட மோசம். சட்டையில் ஊக்கு குத்தி அனுப்பும் கைக்குட்டையே போதும், ஆனால் அது மூக்குத் துடைக்க அல்ல என்று வீட்டில் சொல்லி, இரண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் கையை உதறிக் காற்றில் காயவிடலாம்.

பாட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சமையல் மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, இரண்டு மூன்று குழந்தைகளின் கையில் மெல்லப் பூசுங்கள். கண்ணில் படாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். பாடிக் கழுவிய பிறகு கையை வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் மங்கலாக நிற்கும் மஞ்சள் நிறத்தை விட்டுவிடுங்கள், பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பதுதான் கணக்கு. கட்டை விரல் அடியில் இருந்தால் மூன்றாம் வரியையும், விரல் இடுக்கில் இருந்தால் ஆமைக்குட்டியையும் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

காலை இறைவணக்கத்தின்போது வெறுங்கையால் ஒரு முறை ஆடிப் பார்ப்பது நல்லது. அது ஒத்திகை மட்டுமே, கைகழுவிய கணக்கில் சேராது. சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறை போய் வந்த பின்னும் சோப்போடு பாட வேண்டும். காய்ச்சலோ கொப்புளமோ வயிற்றுப்போக்கோ உள்ள குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பாட்டு அதற்கு மாற்று ஆகாது. நகம் வளர்ந்த கையில் கோழி எவ்வளவு கிளறினாலும் அடியில் மண் நிற்கும். திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு எடுக்கும்போதே நகத்தையும் பார்த்துவிடுங்கள்.