படிக்கட்டு ஏன் காற்றை இழுக்கிறது?

எட்டாம் வகுப்பில் அழுத்தம் பற்றி நடத்தும்போது, அடுக்குமாடிக் குடியிருப்பின் மூடிய படிக்கட்டையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இரவில் வெளியே 24 டிகிரி செல்சியஸ், பகல் வெப்பத்தைத் தேக்கிய படிக்கட்டினுள் 30 டிகிரி என்று கொள்வோம். உள்ளே இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று, வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 23 கிராம் நிறை குறைந்தது. 45 மீட்டர் உயரத்துக்கு மாணவர்களைக் கணக்கிடச் சொன்னால், சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம் வேறுபாடு வரும்; அதாவது ஏறத்தாழ 10 பாஸ்கல். மேலும் கீழும் இடுக்குகள் சமமாக இருந்தால், இதில் பாதி கீழே காற்றை உள்ளே இழுக்கும். பாதி மேலே வெளியே தள்ளும். நடுமாடியில் இரண்டும் இராது.

கதவு சாத்தியிருக்கும்போது காற்று குறுகிய இடுக்கு வழியே விரைந்து, விளிம்பில் சுழன்று அதிர்கிறது. அதுதான் விசில். கதவைத் திறந்தால் ஒலி நின்றுவிடும்.

எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தாலும் கதவு விசிலடிக்கும். அது வெளியே வீசும் காற்றின் வேலை. இரண்டையும் பிரித்தறிய, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெரியவர் துணையோடு படிக்கட்டுக் கதவின் இடுக்கில் ஊதுவத்தியைக் காட்டச் சொல்கிறேன். புகை கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குள் நுழைந்து, மேல்தளத்தில் படிக்கட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டால் வெப்பநிலை வேறுபாடே காரணம். கோடை நண்பகலில் படிக்கட்டு வெளியைவிடக் குளிர்ந்திருந்தால் திசை தலைகீழாகும்.